ஆசைக்கு விலை போடுவது எப்படி? வட்டாரக் குழுவில் கேட்ட கேள்விகளும் என் பதில்களும்

பொதுப் பணத்தை எதற்குச் செலவழிப்பது என்று குடியிருப்பாளர்களே வாக்களித்து முடிவு செய்வது பங்கேற்பு பட்ஜெட் முறை. அதில் அவர்கள் சொல்லும் தேவைகள் எப்படி வெள்ளிக் கணக்காக மாறுகின்றன என்று பினாங்குத் தீவில் எங்கள் வட்டாரக் குழுவுக்கு விளக்கப் போயிருந்தேன். நான் பேசியது 20 நிமிடம். கேள்விகள் ஒன்றரை மணி நேரம் போயின. அங்கே பாதியில் விட்ட பதில்களை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூட்டத்தில் காட்டியது மாதிரிக் கணக்கு. மாநகர் மன்றத்துக்குச் சொந்தமான வாடகை அடுக்குமாடி, இரண்டு பிளாக், பிளாக்குக்குப் பத்து மாடி, குடியிருப்பாளர் முடிவுக்கு ஒதுக்கிய பணம் 1,00,000 வெள்ளி என்று வைத்துக்கொண்டேன். பல இடங்களில் கண்டதைச் சேர்த்துக் கட்டிய கணக்கு இது. விலைகளை உங்கள் குத்தகையாளரிடம் காட்டிப் பேரம் பேசாதீர்கள்.

"இது என்ன புதுக் கூத்து? பினாங்கில் முன்னாடி யாராவது செஞ்சிருக்காங்களா?"

செய்திருக்கிறார்கள். பிரேசில் நாட்டின் போர்ட்டோ அலெக்ரே நகரில் 1989-இல் தொடங்கிய முறை இது. பினாங்கில் 2012-இல் பினாங்கு மகளிர் மேம்பாட்டுக் கழகமும் தீவு, செபராங் பிறை ஆகிய இரண்டு நகராண்மைக் கழகங்களும் சேர்ந்து முன்னோட்டமாக எடுத்துச் செய்தன. ஜாலான் சுங்கை மக்கள் வீடமைப்பும் அம்பாங்கான் மக்கள் வீடமைப்பும் அந்த முன்னோட்டத்தில் இருந்தன. அந்தத் திட்டத்தின் பெயரிலேயே பாலினப் பார்வை என்பதும் உண்டு. பெண்களை, ஆண்களை, இளையோரை, முதியோரைத் தனித்தனியாக உட்கார வைத்துக் கேட்பது அதன் அடிப்படை. அப்படிக் கேட்டால் கணக்கே மாறிப் போகும். அடுத்த பதிலில் அதைப் பார்ப்பீர்கள்.

"இருட்டா இருக்கு, லைட்டு போடுங்கன்னா போதாதா? எதுக்கு இவ்வளவு கணக்கு?"

"இருட்டா இருக்கு" என்பதற்கு விலை போட முடியாது. நாற்பது விளக்கு என்றால் போடலாம். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதுதான் முழு வேலையும். அதை மேசையில் உட்கார்ந்து செய்தால் தப்பாகத்தான் வரும். இரவு எட்டு மணிக்கு மேல், கையில் தாளோடு மாடி மாடியாக நடக்க வேண்டும்.

நம் மாதிரியில் இரண்டு பிளாக்குக்கும் சேர்த்து 20 மாடி. மாடிக்கு ஆறு விளக்கு என்றால் காரிடாரில் 120 விளக்குகள். நடந்து எண்ணியபோது எரியாதவை 43. சும்மா "புது விளக்கு" என்று எழுதிக் கொடுத்திருந்தால், குத்தகையாளர் 120-ஐயும் மாற்ற விலை தருவார். ஒன்றுக்கு 180 வெள்ளி வீதம் 21,600 ஆகும். ஆனால் அந்த 43-ஐ ஏணி போட்டுப் பார்த்தால் 26-இல் விளக்குக் குழாய் மட்டும்தான் போயிருக்கிறது. ஆள்கூலியோடு ஒன்றுக்கு 25 வெள்ளி, மொத்தம் 650. மீதி 17-இல் சட்டமும் கம்பியும் துருப்பிடித்துவிட்டன. அவற்றுக்கு 180 வீதம் 3,060. ஆக 3,710 வெள்ளியில் காரிடார் வேலை முடிந்தது.

இங்கேதான் தனித்தனிக் கூட்டத்தின் பலன் தெரிகிறது. ஆண்கள் கூட்டத்தில் எல்லோரும் காரிடாரைச் சொன்னார்கள். பெண்கள் கூட்டத்தில் காரிடாரை யாருமே பெரிதாகப் பேசவில்லை. "லிஃப்ட் நின்னுட்டா படிக்கட்டுலதான் வரணும், அங்கதான் பயம்" என்றார்கள். ராத்திரி ஷிப்ட் முடிந்து பதினொரு மணிக்கு வருகிற பிள்ளைகள் ஏறுவது அந்தப் படிக்கட்டில்தான். போய்ப் பார்த்தால் அங்கே விளக்கே இல்லை. கெட்டுப்போன விளக்கு என்றால் எண்ணிவிடலாம், இல்லாத விளக்கு எந்தக் கணக்கெடுப்பிலும் வராது. பிளாக்குக்கு இரண்டு படிக்கட்டு, மாடிக்கு ஒரு விளக்கு, மொத்தம் 40 புது விளக்குகள். புதுக் கம்பி இழுக்க வேண்டும் என்பதால் ஒன்றுக்கு 260 வெள்ளி, மொத்தம் 10,400.

இரண்டும் சேர்ந்து 14,110. எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற மின்பணியாளர் வந்து சோதித்துக் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கும் ஏணி, தளவாட ஏற்பாட்டுக்கும் 1,200. எதிர்பாராச் செலவு பத்து சதவீதம் 1,531. மொத்தம் 16,841. பட்டியலில் 17,000 என்று எழுதினோம்.

முதலில் வந்திருக்கக்கூடிய 21,600-ஐவிட இது குறைவு. அதைவிடப் பெரிய விஷயம், அந்த 21,600-ஐச் செலவழித்திருந்தாலும் படிக்கட்டு இருட்டாகவே இருந்திருக்கும்.

"உங்க விலையெல்லாம் எங்கேருந்து வந்துச்சு?"

மூன்று வழி உண்டு. பொதுப்பணித் துறையின் விலை வீதப் பட்டியல் ஒன்று. மன்றம் அண்மையில் இதே போன்ற வேலைக்குக் கொடுத்த விலை இன்னொன்று. மூன்றாவது, குத்தகையாளர்களிடம் வாங்கும் விலைப்புள்ளி. எனக்குப் பிடித்தது இரண்டாவது. அது இந்தத் தீவில், இந்தச் சந்தையில், உண்மையில் கொடுக்கப்பட்ட பணம். பட்டியல் விலை பெரிய வேலைகளுக்குச் சரியாக வரும். 17 விளக்குக்கு ஆள் வரவழைத்தால் அந்த விலைக்கு யாரும் வர மாட்டார்கள். லாரி வருவதற்கான செலவு 17 விளக்குக்கும் ஒன்றுதான், 170-க்கும் ஒன்றுதான்.

விலைப்புள்ளி வாங்குவதென்றால் ஒருவரிடம் மட்டும் வாங்காதீர்கள். இன்னொன்றையும் கவனியுங்கள். எல்லோருக்கும் ஒரே அளவைக் கொடுத்து விலை கேட்க வேண்டும். ஒருவர் 40 விளக்குக்கும் இன்னொருவர் 36-க்கும் விலை சொன்னால் மலிவு எது என்று கண்டுபிடிக்க முடியாது.

குழுவில் இருப்பவர்கள் ஒரு கணக்கு நல்லதா என்று பார்க்கச் சுலபமான வழி கேட்டார்கள். அளவு என்ற கட்டத்தில் "ஒரு லாட்" என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். "மின்வேலை, ஒரு லாட், 20,000" என்று வந்தால் அது மதிப்பீடே இல்லை. எத்தனை விளக்கு, எத்தனை மீட்டர் கம்பி என்று யாரும் எண்ணவில்லை என்று அர்த்தம். வேலை முடிந்த பிறகு குறைவாகச் செய்திருந்தாலும் கேட்க முடியாது, எத்தனை என்று எழுதியே இல்லையே. தளவாட ஏற்பாடு போன்ற ஒன்றிரண்டு வரி "லாட்" ஆக இருக்கலாம். மொத்தத்தில் பாதி அப்படி இருந்தால் தாளைத் திருப்பி அனுப்புங்கள்.

விலைப்புள்ளியின் அடியில் எத்தனை நாளுக்கு அந்த விலை செல்லும் என்று எழுதியிருப்பார்கள். அதையும் பாருங்கள். மன்றத்தின் நிதியாண்டு ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜூனில் வாங்கிய விலைக்கு அடுத்த ஆண்டு மார்ச்சில்தான் வேலை தொடங்கும் என்றால் அந்த விலை காலாவதியாகியிருக்கும்.

"சாய்வுப் பாதைக்கு முப்பத்தோராயிரமா? என் மச்சான் மூவாயிரத்துக்குப் போட்டுத் தருவாரு!"

தருவார், அண்ணே. அதில் சக்கர நாற்காலியை யாராலும் தள்ள முடியாது.

வாசலில் மூன்று படி. தரைக்கும் மேல்மட்டத்துக்கும் 45 சென்டிமீட்டர் வித்தியாசம். மாற்றுத் திறனாளிகள் புழங்கும் வசதிகளுக்கான மலேசியத் தரநிர்ணயம், எம்எஸ் 1184, சாய்வு 1-க்கு 12-க்கு மேல் செங்குத்தாக இருக்கக் கூடாது என்கிறது. ஒரு சென்டிமீட்டர் ஏற 12 சென்டிமீட்டர் நீளம் வேண்டும். 45-ஐ 12-ஆல் பெருக்குங்கள், 5.4 மீட்டர் வருகிறது. சிமெண்டைக் குவித்து ஒன்றரை மீட்டரில் முடித்துவிடுகிற பாதைகளை எத்தனையோ இடத்தில் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாளில் அதில் மோட்டார் சைக்கிள்தான் ஏறும்.

நம் வாசலுக்கு முன்னால் கார் நிறுத்தும் கோடு வரை 4.5 மீட்டர்தான் இருக்கிறது. நேராகப் போட்டால் பாதை காருக்கு நடுவில் போய் முடியும். அதனால் மடிக்க வேண்டியிருக்கிறது. 2.7 மீட்டர் ஏறி, ஒன்றரை மீட்டர் சமதளத்தில் திரும்பி, மறுபடியும் 2.7 மீட்டர். நீளம் 4.2 மீட்டருக்குள் அடங்கிவிடுகிறது, ஆனால் அகலம் இரட்டிப்பாகிறது. பக்கத்து லோங்காங் மூடியை மாற்ற வேண்டும், ஒரு நிறுத்துமிடக் கோட்டை அழித்து மறுபடியும் போட வேண்டும்.

ஒரு வாசலுக்குக் கான்கிரீட் வேலை 9,000. இரண்டு பக்கமும் கைப்பிடி சுமார் 14 மீட்டர், மீட்டருக்கு 220 வீதம் 3,080. லோங்காங் மூடி 1,800, கோடு 400. மொத்தம் 14,280. இரண்டு பிளாக்குக்கு 28,560. பத்து சதவீதம் சேர்த்தால் 31,416. பட்டியலில் 31,500.

மச்சானுடைய மூவாயிரத்தை நான் கேலி செய்யவில்லை. ஒன்றரை மீட்டர் கான்கிரீட்டுக்கு அவர் சொன்ன விலை சரியாகக்கூட இருக்கலாம். மீதி நீளம், கைப்பிடி, மூடி, கோடு, இரண்டாவது பிளாக் எல்லாம் அதில் இல்லை, அவ்வளவுதான். இரண்டு விலை இவ்வளவு தூரம் விலகியிருந்தால், எது பொய் என்று சண்டை போடுவதற்கு முன் எதில் எது விடுபட்டிருக்கிறது என்று பாருங்கள்.

"போட்ட பிறகு கரண்டு பில்லை யாரு கட்டறது?"

கூட்டத்தில் வந்ததிலேயே நல்ல கேள்வி இது. கேட்டவர் மூன்றாம் மாடி அக்கா ஒருவர். குழுத் தலைவர் கேட்டிருக்க வேண்டியது.

ஒவ்வொரு தேவையின் தாளிலும் இரண்டு விலை இருக்க வேண்டும், போடும் செலவும் ஆண்டுச் செலவும். படிக்கட்டு விளக்கு 40. ஒன்றுக்கு 18 வாட் என்றால் மொத்தம் 720 வாட். இரவு 12 மணி நேரம் எரிந்தால் ஒரு நாளைக்கு 8.64 யூனிட், ஆண்டுக்குச் சுமார் 3,154 யூனிட். யூனிட் 50 சென் என்று வைத்துக்கொண்டால் ஏறக்குறைய 1,577 வெள்ளி. ஐந்து ஆண்டில் எல்லாம் ஒரு தடவை மாறும் என்றால் ஆண்டுக்கு எட்டு விளக்கு, இன்னொரு 200 வெள்ளி. ஆகச் சுமார் 1,800. காரிடார் விளக்குகளின் கரண்டுச் செலவு ஏற்கெனவே பில்லில் இருப்பதுதான், அதைச் சேர்க்கவில்லை.

மன்றத்துக்குச் சொந்தமான கட்டடம் என்பதால் பொது மீட்டர் மன்றத்துடையது. அதனால் அந்த 1,800-ஐ ஏற்க ஒப்புதல் என்று மன்றத்தின் கட்டடப் பிரிவு எழுதித் தர வேண்டும். வாய்ச்சொல் போதாது. அந்தக் கையெழுத்து இல்லாத தாளை வாக்கெடுப்புக்கு வைக்கக் கூடாது என்பது என் பிடிவாதம். பட்டியலில் இருக்கும் கண்காணிப்புக் கேமராவுக்கு இது இன்னும் முக்கியம். வாங்கும்போது எல்லோருக்கும் உற்சாகம் இருக்கும். இரண்டு வருடத்தில் பதிவுப் பெட்டியின் வட்டு கெட்டுப் போகும். மாற்ற ஆளில்லாமல், கண் மட்டும் திறந்திருக்கும் கேமராக்கள் எத்தனையோ.

"எங்களுக்கு லிஃப்ட்தான் முதல் பிரச்சினை. பட்டியல்ல ஏன் காணோம்?"

நான்தான் எடுத்தேன். அதற்காக எனக்குத் திட்டும் விழுந்தது.

பத்து மாடிக் கட்டடத்தில் ஒரு லிஃப்டை மாற்றுவது லட்சக்கணக்கான வெள்ளி. ஒரு லட்சம் உள்ள உண்டியலில் அதைச் சேர்த்தால் எல்லோரும் அதற்கே வாக்களிப்பார்கள், எதுவும் நடக்காது. அதைவிடப் பெரிய காரணம், லிஃப்ட் ஓட வேண்டியது கட்டட உரிமையாளரின் கடமை. அதை மக்கள் வாக்களித்து வாங்க வேண்டிய பொருளாக்கினால், வாக்குக் குறைந்த ஆண்டில் ஓடாத லிஃப்டைப் பற்றிப் புகார் செய்யக்கூட வாய் எழாது. லோங்காங் மூடியும் அப்படித்தான். முதல் பட்டியலில் உடைந்த மூடிகள் 9,000 வெள்ளிக்கு இருந்தன. அவை மன்றத்தின் வழக்கமான பராமரிப்பு வேலை. தனிக் கடிதமாக எழுதி, படம் வைத்து, மன்றத்துக்கு அனுப்பச் சொன்னேன்.

ஆகவே விலை போடுவதற்கு முன்னால் கேட்க வேண்டியது, இது யாருடைய பொருள் என்பது. பெரிய வடிகால் வாய்க்கால் என்றால் நீர்ப்பாசன வடிகால் துறையுடையதாக இருக்கலாம். கட்டடத்துக்கு முன்னால் ஓடும் சாலை மாநிலச் சாலை என்றால் பொதுப்பணித் துறைக்குப் போக வேண்டும். அடுத்தவர் நிலத்தில் போட அளவெடுத்து விலை போட்டு, வாக்கும் வாங்கி, கடைசியில் "அனுமதி இல்லை" என்ற ஒரு வரிக் கடிதத்தோடு நின்ற திட்டம் ஒன்றில் நான் இருந்திருக்கிறேன். மூன்று மாத வேலை அது. இன்றைக்கும் நினைத்தால் எரிச்சலாக இருக்கிறது.

"அதிக வாக்கு வாங்கினதைச் செய்யறதுதானே நியாயம்?"

எண்ணிக்கை அளவில் நியாயம். பணமும் சேரும்போது சிக்கல் வருகிறது. மாதிரிக் கணக்கையே எடுத்துக்கொள்வோம்.

இளைஞர்கள் ஃபுட்சால் மைதானத்துக்குக் கூரை கேட்டார்கள். தரை, வேலி, கூரை மூன்றும் சேர்த்து 62,000. விளக்கு 17,000. எட்டு கேமரா கொண்ட சிசிடிவி 24,000. சாய்வுப் பாதை 31,500. நான்கையும் கூட்டினால் 1,34,500. கையில் இருப்பது 1,00,000.

வாக்களித்தவர்கள் 210 பேர், ஆளுக்கு இரண்டு வாக்கு வரை. மைதானத்துக்கு 118, விளக்குக்கு 104, கேமராவுக்கு 96, சாய்வுப் பாதைக்கு 61.

மேலிருந்து வரிசையாக எடுத்தால் மைதானம் 62,000, விளக்கு 17,000. மீதி 21,000. அதில் கேமராவும் அடங்காது, சாய்வுப் பாதையும் அடங்காது. இரண்டு வேலையோடு கதை முடிந்தது, 21,000 வெள்ளி சும்மா கிடக்கிறது. மைதானத்தை மட்டும் விட்டுவிட்டால் மற்ற மூன்றும் 72,500-இல் முடிந்துவிடும். ஆனால் அதிக வாக்கு வாங்கியதையே தள்ளிவிட்டு ஜனநாயகம் என்று சொன்னால் இளைஞர்கள் அடுத்த ஆண்டு கூட்டத்துக்கே வர மாட்டார்கள். வராமல் இருப்பதும் சரிதான்.

நான் சொல்லும் வழி, ஒரு தேவை மொத்தப் பணத்தில் 40 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று வாக்கெடுப்புக்கு முன்பே வைத்துவிடுவது. முன்பே என்பதை இரண்டு தடவை படியுங்கள். முடிவு தெரிந்த பிறகு வைத்தால் அது விதி இல்லை, சூழ்ச்சி. 40,000 உச்சம் என்று முதலிலேயே தெரிந்தால் இளைஞர்களே கூரையைக் கழற்றிவிட்டுத் தரையும் வேலியும் மட்டும் 28,000-க்குக் கேட்பார்கள்.

அதே வாக்குகள் விழுந்தால் இப்போது எப்படிப் போகிறது பாருங்கள். மைதானம் 28,000 போக 72,000. விளக்கு போக 55,000. கேமரா போக 31,000. சாய்வுப் பாதை 31,500. ஐந்நூறு வெள்ளி குறைகிறது!

கூட்டத்தில் இந்த இடத்தில் ஒரு சலசலப்பு. வேண்டுமென்றே இப்படிக் கணக்குச் செய்தேனா என்று ஒருவர் கேட்டார். ஆமாம், வேண்டுமென்றேதான். நிஜத்தில் இப்படி ஒரு சின்னத் தொகையில் முட்டிக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கும். அதற்கும் முன்கூட்டியே ஒரு விதி வேண்டும். பற்றாக்குறை அந்தத் தேவையின் விலையில் ஐந்து சதவீதத்துக்குள் இருந்தால், ஏற்கெனவே தேறிய வேலைகளில் அளவைக் குறைத்து ஈடுகட்டலாம் என்று எழுதி வைக்கலாம். ஐந்நூறு என்பது 31,500-இல் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஒரு கேமரா 1,800, அதற்குரிய பத்து சதவீதம் 180. எட்டு கேமராவை ஏழாக்கினால் 24,000 என்பது ஏறக்குறைய 22,000-க்கு இறங்கும். சாய்வுப் பாதை உள்ளே வந்துவிடுகிறது, சுமார் 1,500 மிச்சமும் இருக்கிறது.

அளவெடுத்துப் போட்ட கணக்கு என்பதால்தான் இது முடிந்தது. "சிசிடிவி, ஒரு லாட், 24,000" என்று இருந்திருந்தால் எதைக் குறைப்பது?

சாய்வுப் பாதைக்கு 61 வாக்குத்தானே, அதற்கு ஏன் இத்தனை பாடு என்றும் கேட்டார்கள். முதல் தாளில் அதன் பெயர் "மாற்றுத் திறனாளிகளுக்கான பாதை" என்று இருந்தது. பெயரைப் பார்த்ததும் நமக்கில்லை என்று மற்றவர்கள் தாண்டிப் போய்விடுவார்கள். கேஸ் தோம்பு தூக்கி வருபவர், சந்தையிலிருந்து தள்ளுவண்டியில் சாமான் கொண்டுவரும் பாட்டி, பிள்ளைத் தள்ளுவண்டியோடு வரும் தாய், எல்லோரும் அந்த மூன்று படியில்தான் தடுமாறுகிறார்கள். வாக்குச் சீட்டில் "வாசலில் படி இல்லாத வழி" என்று எழுதச் சொல்லியிருக்கிறேன். விலை அதே 31,500தான்.

"எதிர்பாராச் செலவு பத்து சதவீதம்னு போட்டிருக்கீங்களே, அது யாரு பைக்குப் போகுது?"

யார் பைக்கும் போகக் கூடாது. சாய்வுப் பாதைக்குத் தோண்டும்போது அடியில் தண்ணீர்க் குழாய் இருந்தால் அதை நகர்த்த இந்தப் பணம். எதுவும் வராவிட்டால் உண்டியலுக்குத் திரும்ப வேண்டும். குத்தகையாளருக்குக் கொடுக்கும் ஆவணத்தில் இந்தத் தொகையைக் காட்டாமல் மன்றத்தின் கையில் வைத்திருப்பது நல்லது. காட்டினால் அது செலவாகிவிடும். அதிலிருந்து எடுக்கும் ஒவ்வொரு வெள்ளிக்கும் மாறுதல் உத்தரவு ஒன்று எழுத்தில் இருக்க வேண்டும், அதன் நகலைக் குழுவும் கேட்டு வாங்கலாம்.

"நாங்க இருக்கிறது தனியார் கட்டின மலிவு விலை ஃபிளாட். எங்களுக்கும் இது ஒத்து வருமா?"

அப்படியே ஒத்து வராது. வீடு உங்கள் பெயரில் இருக்கிற அடுக்குமாடியில் காரிடார், படிக்கட்டு, லிஃப்ட் எல்லாம் வீட்டுக்காரர்களின் கூட்டுச் சொத்து. 2013-ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி அவற்றைப் பராமரிப்பது உங்கள் கூட்டு நிர்வாகக் குழு அல்லது நிர்வாகக் கழகத்தின் பொறுப்பு. அதற்குத்தான் மாதப் பராமரிப்புக் கட்டணமும், அதற்கு மேல் சேமிப்பு நிதிக்குப் பத்து சதவீதமும் வாங்குகிறார்கள். மன்றத்தின் பணத்தை உங்கள் வேலிக்குள் செலவழிக்க முடியாமல் போகலாம். வேலிக்கு வெளியே இருக்கும் நடைபாதை, பூங்கா, பஸ் நிறுத்தம் ஆகியவற்றை உங்கள் பட்டியலில் வைப்பது புத்திசாலித்தனம்.

லிஃப்ட், தண்ணீர்த் தொட்டி, கூரை போன்ற பெரிய பழுதுக்கு மலிவு விலை அடுக்குமாடிகளுக்கென்று பினாங்கு மாநில அரசின் 80 சதவீதப் பராமரிப்பு நிதி இருக்கிறது. செலவில் 80 சதவீதம் வரை மாநிலம், மீதியைக் குடியிருப்பாளர்கள் போடுவது. அந்த 20 சதவீதத்தைத் திரட்டுவதில்தான் பல இடங்களில் வண்டி நிற்கிறது. இங்கே மேலே சொன்ன விலைத்தாள் முறை உதவும். ஒரு வீட்டுக்கு எவ்வளவு என்று பிரித்துக் காட்டினால் ஆட்கள் பணம் எடுத்து வருகிறார்கள். மொத்தத் தொகையைச் சொன்னால் கதவைச் சாத்திக்கொள்கிறார்கள்.

"குழு கையைத் தூக்கிட்டா பணம் வந்திடுமா?"

வராது. 1965-இல் ஊராட்சித் தேர்தல் நிறுத்தப்பட்டதிலிருந்து மாமன்ற உறுப்பினர்கள் வாக்கில் வருவதில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டப்படி மாநில அரசு நியமிக்கிறது. பணத்தை ஒதுக்கும் அதிகாரம் மன்றத்துக்கு. நம் வட்டாரக் குழு பரிந்துரை செய்யும் இடம்.

அதனால்தான் தாள் சுத்தமாக இருக்க வேண்டும் என்கிறேன். "மக்கள் விளக்கு கேட்கிறார்கள்" என்று அனுப்பினால் அதிகாரி அளவெடுக்க ஆள் அனுப்ப வேண்டும், ஆள் வர ஆறு மாதம் ஆகும். படிக்கட்டு விளக்கு 40, காரிடாரில் பழுது 43, இதில் குழாய் மட்டும் 26, ஆண்டுச் செலவு 1,800, 210 பேரில் 104 வாக்கு என்று அனுப்பினால் அவர் சரிபார்த்துக் கையெழுத்திட வேண்டியதுதான். மறுத்தாலும் எந்த வரியை மறுக்கிறார் என்று எழுதித்தான் மறுக்க முடியும்.

"தமிழ்ல ஒரு தாள் கிடைக்குமா? என் அம்மாவுக்கு மலாய் படிக்க வராது."

கிடைக்கும். ஒரு தேவைக்கு ஒரு பக்கம். மேலே நீங்கள் சொன்ன வார்த்தையிலேயே தேவை, அதன் கீழே எத்தனை, ஒன்றுக்கு எவ்வளவு, மொத்தம், ஆண்டுக்கு எவ்வளவு, அதை யார் கட்டுவது. மலாய், தமிழ், சீனம் மூன்றிலும் எண்கள் ஒன்றாக இருக்கின்றனவா என்று அச்சுக்கு முன் ஒருவர் வாய்விட்டுப் படித்துச் சரிபார்க்க வேண்டும். ஒரு தடவை தமிழ்த் தாளில் மட்டும் ஒரு சுழி விடுபட்டுப் போய், 31,500 வெள்ளிப் பாதை 3,150 ஆகிவிட்டது. மச்சானுக்கு அன்றைக்கு ரொம்ப சந்தோஷம்.